சராசரி 8.4%, ஆனா காசு வளந்தது 1.7%தான்: ஏறி இறங்குற முதலீட்டுக்கு ரிட்டர்ன் கணக்கு போடுறது எப்படி

பிறையில ஃபேக்டரியில வேலை செய்யுற தம்பி ஒருத்தர் கேட்ட கேள்விதான் இது. "அண்ணே, பங்குச் சந்தையில போட்டா சராசரி வருஷத்துக்கு எட்டு பர்சன்ட்டுக்கு மேல வருதுன்னு கணக்கு காட்டுறாங்க, இ.பி.எஃப் அத விட கம்மியாத்தானே தருது, அப்ப எடுக்க முடிஞ்சத எடுத்து அங்க போட்டுறலாமா?" கேள்வி நியாயமானதுதான், ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்த எட்டு பர்சன்ட் எந்த மாதிரி சராசரின்னு பாக்கணும். கூட்டி வகுத்த சராசரி ஒண்ணு இருக்கு, அதுதான் அரித்மெட்டிக். உங்க காசு உண்மையில எந்த வேகத்துல வளந்துச்சுன்னு சொல்ற சராசரி வேற, அது ஜியோமெட்ரிக். விலை ஆடாம அசையாம இருந்தா ரெண்டும் ஒண்ணாவே இருக்கும், ஆட ஆட ரெண்டுக்கும் நடுவுல பள்ளம் விழும், அந்தப் பள்ளம் எவ்ளோ ஆழம்னு கணக்கு போடத்தான் இந்த வழிகாட்டி.

கற்பனை நம்பர் வேணாம், நம்ம நாட்டுப் பங்குச் சந்தையோட கேஎல்சிஐ குறியீட்டையே எடுத்துக்குவோம், அதுவும் 2008 நெருக்கடி வருஷத்த. கைப்பேசியிலயே கூகுள் ஷீட்ஸ் தொறந்து கூடவே போட்டுப் பாருங்க.

முதல்ல நம்பர உள்ள போடுங்க

ஒவ்வொரு வருஷக் கடைசியிலயும் குறியீடு எந்த அளவுல முடிஞ்சுதோ அது மட்டும் போதும். 2007 கடைசிய கண்டிப்பா சேக்கணும், ஏன்னா 2008 ரிட்டர்ன் கணக்கு பண்ண அதுதான் ஆரம்பம், நிறைய பேர் இந்த ஒரு வரிய விட்டுட்டு அப்புறம் ஒரு வருஷம் குறையுதேன்னு தேடுவாங்க.

```
     A      B         C
2    2007   1445.03
3    2008   876.75    =B3/B2-1
4    2009   1272.78   =B4/B3-1
5    2010   1518.91   =B5/B4-1
```

C வரிசைய பர்சன்ட்டா மாத்துனா மூணு நம்பர் வரும்: 2008-ல மைனஸ் 39.3%, 2009-ல பிளஸ் 45.2%, 2010-ல பிளஸ் 19.3%. (2009 ஜூலையிலதான் 100 கம்பெனி இருந்த குறியீட்ட 30 கம்பெனியா மாத்துனாங்க, ஆனா அளவு தொடர்ச்சியாவே வந்துச்சு, அதனால கணக்குக்கு எந்தத் தொல்லையும் இல்ல.)

அப்புறம் கூட்டி வகுத்துப் பாருங்க

```
=AVERAGE(C3:C5)
```

8.4% வரும். இதுல எந்தப் பொய்யும் இல்ல, மூணு வருஷ ரிட்டர்ன கூட்டி மூணால வகுத்தா அதான் விடை. யாராவது "சராசரி எட்டுக்கு மேல"ன்னு சொன்னா அவங்க இத சொல்லியிருக்கலாம்.

இப்ப 2007 கடைசியில ஒருத்தர் 10,000 வெள்ளி போட்டாருன்னு வச்சு ஒவ்வொரு வருஷமா நடந்து பாருங்க. 2008 முடிவுல 6,067 வெள்ளி. 2009 முடிவுல 8,808. 2010 முடிவுல 10,511. மூணு வருஷத்துல மொத்தமே 511 வெள்ளிதான் லாபம். உண்மையிலேயே வருஷம் 8.4% வளந்திருந்தா 12,700 வெள்ளிக்கு மேல இருக்கணும்.

நடுவுல ஒரு இடத்துல நின்னு பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு. 2008-ல 39.3% போச்சு, 2009-ல 45.2% வந்துச்சு, அந்த ரெண்ட மட்டும் கூட்டி வகுத்தா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 3% லாபம்னு காட்டும், ஆனா கையில இருக்குறது 8,808, அதாவது போட்டதுலேருந்து 12% கம்மி. போன 39.3% 10,000 வெள்ளி மேல போச்சு, அது 3,933 வெள்ளி. வந்த 45.2% மிச்சமிருந்த 6,067 வெள்ளி மேலதான் வந்துச்சு, அது 2,741 வெள்ளி. பெரிய பர்சன்ட் சின்னத் தொகை மேல விழுந்துச்சு, சின்ன பர்சன்ட் பெரிய தொகை மேல விழுந்துச்சு. 39.3% இழப்ப சரிக்கட்ட 45 போதாது, 64.8% ஏறணும். கூட்டி வகுக்குற சராசரிக்கு இது தெரியாது, அது ஒவ்வொரு வருஷமும் நீங்க அதே 10,000-லேருந்துதான் ஆரம்பிக்குறீங்கன்னு நெனச்சு கணக்கு போடுது.

உண்மையான வளர்ச்சி வேகத்த எடுக்குறது

ரிட்டர்ன கூட்டக் கூடாது, பெருக்கணும். 0.607, 1.452, 1.193 மூணையும் பெருக்கினா 1.051 வரும், அதோட மூணாம் மூலம் எடுத்து ஒண்ண கழிச்சா முடிஞ்சுது. ஆரம்பமும் முடிவும் தெரிஞ்சா இன்னும் சுலபம்:

```
=(B5/B2)^(1/3)-1
```

1.7% வரும், இதுதான் ஜியோமெட்ரிக் சராசரி. ஒவ்வொரு வருஷமும் ஆடாம 1.7% வளந்திருந்தா இதே 10,511-ல வந்து நின்னிருப்பீங்க.

வருஷ ரிட்டர்ன் மட்டும் தெரியும், ஆரம்ப முடிவு அளவு தெரியாதுன்னா இத போடுங்க:

```
=ARRAYFORMULA(GEOMEAN(1+C3:C5))-1
```

இங்க அடிக்கடி நடக்குற தப்பு என்னன்னா 1 சேக்காம ரிட்டர்ன நேரா GEOMEAN-ல போட்டுருவாங்க. மைனஸ் வருஷம் ஒண்ணு இருந்தா `#NUM!`னு வந்து காட்டிக் கொடுத்துரும். எல்லா வருஷமும் பிளஸ்ஸா இருந்தாதான் ஆபத்து, ஏன்னா எந்த எரரும் வராம ஒரு நம்பர் வந்து நிக்கும், பாக்க நியாயமா இருக்கும், ஆனா தப்பு. சந்தேகமா இருந்தா வந்த விடைய வச்சு 10,000 வெள்ளிய வருஷா வருஷம் வளத்துப் பாருங்க, கடைசித் தொகை உண்மையான தொகையோட ஒத்துப் போகணும்.

பள்ளம் எவ்ளோ இருக்கும்னு முன்கூட்டியே கணக்கு பண்றது

8.4-க்கும் 1.7-க்கும் நடுவுல 6.7 பர்சன்ட் எங்க போச்சு? யாரும் கட்டணமா எடுக்கல. இத புரிஞ்சுக்க ஃபார்ம் 2 கணக்கே போதும். ஒரு வருஷம் x ஏறுது, அடுத்த வருஷம் அதே x இறங்குதுன்னா

```
(1 + x)(1 - x) = 1 - x²
```

சராசரி பூஜ்யம், ஆனா ரெண்டு வருஷத்துல x² காணாம போகுது, அப்ப ஒரு வருஷத்துக்கு சுமாரா அதுல பாதி. 10% ஏறி 10% இறங்குனா 10,000 வெள்ளி 9,900 ஆகும், 20%-ன்னா 9,600, 40%-ன்னா 8,400. ஆட்டம் ரெண்டு மடங்கானா இழப்பு ரெண்டு மடங்கு ஆகல, நாலு மடங்கு ஆகுது. எது முதல்ல வந்துச்சு, ஏத்தமா இறக்கமாங்குறது முக்கியமே இல்ல, பெருக்கல்ல வரிச மாறுனாலும் விடை மாறாது.

ஒவ்வொரு வருஷ ரிட்டர்னும் சராசரியிலேருந்து எவ்ளோ தூரம் விலகுதுன்னு சொல்றதுதான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், மேல உள்ள உதாரணத்துல அது x-தான். அதனால பொதுவான கணக்கு இப்படி வரும்: அரித்மெட்டிக் சராசரியிலேருந்து ஸ்டாண்டர்ட் டீவியேஷனோட வர்க்கத்துல பாதிய கழிச்சா ஜியோமெட்ரிக் சராசரி கிட்டத்தட்ட கெடைக்கும், அந்த வர்க்கத்த VAR.P தரும்.

```
=AVERAGE(C3:C5)-VAR.P(C3:C5)/2
```

இத நம்ம மூணு வருஷத்துக்குப் போட்டா சுமார் 2.1% வருது, உண்மையான விடை 1.7. கொஞ்சம் தள்ளிப் போகுதே ஏன்னு கேட்டா, இது தோராயக் கணக்கு, சின்ன ஆட்டத்துக்குத்தான் நல்லா பொருந்தும், 40%, 45% மாதிரி பெரிய ஆட்டத்துல விலகும். சாதாரண அளவுல பாருங்க: ஒரு வருஷம் 28% லாபம், அடுத்த வருஷம் 12% நஷ்டம், சராசரி 8, விலகல் 20. தோராயக் கணக்கு 6% சொல்லுது, நேரா பெருக்கிப் பாத்தா 6.13%. இந்த அளவு நெருக்கம் போதும்.

வருஷ ரிட்டர்ன் முழுசா கையில இருந்தா தோராயமே தேவையில்ல, நேரா பெருக்குங்க. யாராவது "எதிர்பாக்குற சராசரி இவ்ளோ, ஆட்டம் இவ்ளோ"ன்னு ரெண்டு நம்பர் மட்டும் கொடுத்தாதான் இந்தக் குறுக்குவழி கை கொடுக்கும்.

இ.பி.எஃப்-ஓட பக்கத்துல வச்சுப் பாக்குறது

அதே மூணு வருஷத்துக்கு இ.பி.எஃப் டிவிடன் 4.50%, 5.65%, 5.80%. கூட்டி வகுத்தா 5.32%. பெருக்கி மூலம் எடுத்தாலும் 5.32%தான், வித்தியாசம் மூணாவது தசமத்துலதான் தெரியும், ஏன்னா ஆட்டமே இல்ல. 10,000 வெள்ளி 10,450 ஆகி, 11,040 ஆகி, 11,681 ஆச்சு.

அதாவது சராசரி 8.4 உள்ளது 10,511-ல நிக்குது, சராசரி 5.3 உள்ளது 11,681-ல நிக்குது. கூட்டி வகுத்த நம்பர பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டா தப்பான பக்கம் சாஞ்சுருவோம்.

இங்க ஒரு நியாயம் பேசியாகணும். குறியீட்டு அளவுல கம்பெனிங்க கொடுக்குற டிவிடன் சேரல, இ.பி.எஃப் நம்பரோ முழு வருமானம். அதனால ஒரு கணக்குக்கு குறியீட்டோட ஒவ்வொரு வருஷத்துக்கும் 3% சேத்துப் பாத்தேன், மைனஸ் 36.3, பிளஸ் 48.2, பிளஸ் 22.3, பெருக்கினா 10,000 வெள்ளி சுமார் 11,546 ஆகுது. சராசரி இப்ப 11.4%, அப்பவும் 5.3% சராசரி உள்ள இ.பி.எஃப்-ஓட 11,681-ஐ தாண்டல. இன்னொரு நியாயமும் இருக்கு, நான் எடுத்தது உச்சத்துல ஆரம்பிக்குற மூணு வருஷம், 2008 கடைசியில காசு போட்டவங்களுக்கு கத தலைகீழ், ரெண்டே வருஷத்துல 73% லாபம். அதனால இ.பி.எஃப்தான் எப்பவும் பெட்டர்ங்குற முடிவுக்கு இத இழுக்காதீங்க. எந்த மூணு வருஷத்த எடுத்தாலும் ஒப்பிடுறதுக்கு ஜியோமெட்ரிக் சராசரிய எடுக்கணும், அதுக்குத்தான் இந்த உதாரணம்.

ஆட்டத்த கொறச்சா என்ன ஆகும், கூட்டினா என்ன ஆகும்

எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இது. காசுல பாதிய குறியீட்டுலயும் பாதிய இ.பி.எஃப் விகிதம் தர்ற ஒண்ணுலயும் போட்டு, ஒவ்வொரு வருஷக் கடைசியிலயும் திரும்ப பாதிப் பாதியா சமன் பண்ணா என்ன ஆகும்? வருஷ ரிட்டர்ன் மைனஸ் 17.4, பிளஸ் 25.4, பிளஸ் 12.6. கூட்டி வகுத்தா 6.9%. பெருக்கினா 10,000 வெள்ளி 11,659 ஆகுது, வருஷத்துக்கு 5.25%. பள்ளம் 6.7-லேருந்து 1.6-க்கு வந்துருச்சு. ஆட்டம் பாதியாச்சு, பள்ளம் நாலுல ஒரு பங்காச்சு, வர்க்கக் கணக்கு சொன்னபடியே. தனியா 10,511 மட்டுமே தந்த ஒண்ண பாதி கலந்தும் மொத்தம் இ.பி.எஃப்-ஓட 11,681-லேருந்து 22 வெள்ளிதான் கொறஞ்சுது. இது பேப்பர் கணக்குதான், இ.பி.எஃப்-ல உள்ளத முழுசா நெனச்சப்ப எடுத்து சமன் பண்ண முடியாது, நெசத்துல அந்தப் பாதிக்கு ஃபிக்சட் டெபாசிட்டோ பாண்ட் ஃபண்டோதான் வைப்பீங்க, விகிதம் கொஞ்சம் மாறும், வேலை செய்யுற விதம் மாறாது.

எதிர்ப்பக்கமும் போட்டுப் பாருங்க. கடன் வாங்கி ரெண்டு மடங்கா போட்டு, ஒவ்வொரு வருஷமும் அதே ரெண்டு மடங்குல வச்சிருந்தா? மைனஸ் 78.7, பிளஸ் 90.3, பிளஸ் 38.7. சராசரி 16.8%, கேக்கவே ஆச தூண்டும். பெருக்கினா 10,000 வெள்ளி 5,635. கடன் வட்டிய நான் இதுல கழிக்கவே இல்ல, அதோட புரோக்கர் கடன் கொடுக்குற மார்ஜின் கணக்குல இருந்திருந்தா 2008 பாதியிலேயே இன்னும் காசு போடுன்னு மார்ஜின் கால் வந்து, போட முடியலன்னா வித்துருப்பாங்க, 2009 ஏத்தத்த பாக்கவே விட்டிருக்க மாட்டாங்க. சராசரிய ரெண்டு மடங்காக்குனா பள்ளம் சுமாரா நாலு மடங்காகும், ஆட்டம் இவ்ளோ பெருசா இருந்தா அதுக்கும் மேல.

அப்ப அரித்மெட்டிக் சராசரி எதுக்குத்தான்?

அது தப்பான நம்பர் இல்ல, வேற கேள்விக்கான பதில். அடுத்த ஒரே ஒரு வருஷத்துக்கு எதிர்பாக்குற ரிட்டர்ன் என்னன்னா அரித்மெட்டிக்தான் சரி. பல வருஷத்துக்கும் ஒரு வகையில அது உண்மைதான், ஆனா யாருக்கு உண்மைங்குறத பாக்கணும்.

ஒரு முதலீடு ஒவ்வொரு வருஷமும் சமமான வாய்ப்புல ஒண்ணு 50% ஏறும், இல்ல 40% இறங்கும்னு வைங்க. சராசரி பிளஸ் 5%. நாலு பேரு ஆளுக்கு 10,000 போடுறாங்க, ரெண்டு வருஷத்துல வரக்கூடிய நாலு வழியும் நாலு பேருக்கும் ஒவ்வொண்ணா நடக்குது. ரெண்டு தடவையும் ஏறுனவருக்கு 22,500. ஒரு தடவ ஏறி ஒரு தடவ இறங்குன ரெண்டு பேருக்கு ஆளுக்கு 9,000. ரெண்டு தடவையும் இறங்குனவருக்கு 3,600. நாலு பேரோட சராசரி 11,025, அதாவது சரியா வருஷத்துக்கு 5%. ஆனா நாலுல மூணு பேரு நஷ்டத்துல நிக்குறாங்க. அந்த ஒருத்தரோட 22,500 தான் சராசரிய தூக்கிப் பிடிக்குது.

பத்து வருஷம் போனா இன்னும் மோசம். எல்லாரையும் கூட்டி வகுத்த சராசரித் தொகை 16,289 வெள்ளி, ஆனா வரிசையில நடுவுல நிக்குற ஆளு, அஞ்சு தடவ ஏறி அஞ்சு தடவ இறங்குனவரு, அவர்கிட்ட 5,905 தான் இருக்கும். ஜியோமெட்ரிக் சராசரி, இங்க வருஷத்துக்கு சுமார் மைனஸ் 5.1%, அந்த நடு ஆளோட கதையச் சொல்லுது. நம்ம ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு வாழ்க்கைதான் இருக்கு, நாலு பேரு காசையும் கூட்டிப் பிரிச்சுக்கப் போறதில்ல, அதனால ரிட்டயர்மென்ட்டுக்கு கணக்கு போடுறப்ப நான் நடு ஆளோட நம்பரத்தான் பாப்பேன்.

பேப்பர்ல கவனிக்க வேண்டியது

ஃபண்ட் ரிப்போர்ட்ல "ஆவரேஜ்"னு போட்டிருந்தா கீழ சின்ன எழுத்துல விளக்கம் இருக்கும், அத படிங்க. "ஆனுவலைஸ்டு"ன்னோ "காம்பவுண்டட்"னோ இருந்தா அது ஜியோமெட்ரிக், அதுலேருந்து மறுபடி ஆட்டத்துக்குன்னு எதையும் கழிக்காதீங்க, ஏற்கனவே கழிஞ்சிருக்கு, ரெண்டு தடவ கழிச்சா நல்ல ஃபண்டயும் மோசம்னு நெனச்சு விட்டுருவீங்க. "மொத்த ரிட்டர்ன வருஷ எண்ணிக்கையால வகுத்தது"ன்னு இருந்தா அது இந்த ரெண்டுமே இல்ல, மூணாவது ரகம். பத்து வருஷத்துல மொத்தம் 100% வளந்தத பத்தால வகுத்து 10%னு காட்டுவாங்க, உண்மையான வேகம் 7.2%தான். அந்த மாதிரி இடத்துல மொத்த ரிட்டர்ன மட்டும் எடுத்துக்கிட்டு மூலத்த நீங்களே போட்டுக்குங்க: `=(1+1)^(1/10)-1`.

கடைசியா, இங்க போட்டது எல்லாம் ஒரே தடவ காசு போட்டு விட்டவங்களுக்கான கணக்கு. மாசா மாசம் 200 வெள்ளி போட்டுக்கிட்டு வர்றவருக்கு 2008 கடைசியில மலிவா வாங்குனதும் சேரும், அவரோட சொந்த ரிட்டர்ன் ஃபண்டோட ஜியோமெட்ரிக் சராசரியிலேருந்து மாறும். அதுக்கு போட்ட ஒவ்வொரு தொகையையும் மைனஸ்ஸா, இன்னைய மதிப்ப பிளஸ்ஸா, பக்கத்துல தேதியோட எழுதி `=XIRR(B2:B40,A2:A40)` போடணும். எல்லாத்தையும் பிளஸ்ஸா எழுதிட்டா எரர் வரும். தேதிய எழுத்தா டைப் பண்ணிட்டாலும் வரும், அப்ப A வரிசைய செலக்ட் பண்ணி தேதி ஃபார்மட்டுக்கு மாத்திட்டு, அப்பவும் எரர் வந்தா தேதிய திரும்ப டைப் பண்ணிட்டு மறுபடி பாருங்க.